திரும்பி வரும் அம்புக்குறியை முதலில் பாருங்கள்: ஒப்புதல் ஃப்ளோசார்ட் கேள்விக்கு ஒரு வழி

தொலைநிலையில் எம்.பி.ஏ. படிப்பவர்களுக்கு ஆபரேஷன்ஸ் பேப்பரில் அடிக்கடி வரும் கேள்வி இது. அலுவலக ஒப்புதல் ஃப்ளோசார்ட் ஒன்றைக் கொடுத்து, "வேலை எங்கே தேங்குகிறது, காரணம் கூறி விளக்குக" என்பார்கள். நான் வேலூரில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் பேப்பரை எழுதி முடித்தவன். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் சிலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். அதனால் அந்த ஒரு இடத்தை மட்டும் எழுதுகிறேன்.

படத்தில் செவ்வகம் என்றால் ஒரு வேலை. வைரம் என்றால் ஒரு கேள்வி. அதிலிருந்து குறைந்தது இரண்டு வழி வெளியே போக வேண்டும். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் வைரத்துக்குள் எழுதியிருக்கும் கேள்வியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. "ஆவணம் சரியா?" என்று இருந்தால் 'ஆம்' கீழே போகும். "குறை உள்ளதா?" என்று இருந்தால் 'ஆம்' பின்னால் திரும்பும். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் ஒரே படத்தில் இரண்டையும் கலந்து வைப்பார்கள். பழக்கத்தில் 'ஆம்' என்றதும் கீழே இறங்கினால் விடை முழுக்கத் தப்பாகிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செக்‌ஷனும் சாமான் கேட்டு இண்டென்ட் போடுகிறது. ஒரு நாளைக்கு 20 இண்டென்ட். முதலில் ஸ்டோர்ஸ் கிளார்க் கையிருப்பு பார்க்கிறார். அவரால் நாளைக்கு 40 பார்க்க முடியும். அடுத்து அக்கவுன்ட்ஸ், அங்கே நாளைக்கு 24 பார்க்கலாம். அங்கே ஒரு வைரம்: "கொட்டேஷனும் பட்ஜெட் தலைப்பும் சரியாக இருக்கிறதா?" நூற்றுக்கு 25 'இல்லை' ஆகி, இண்டென்ட் போட்ட செக்‌ஷனுக்கே திரும்பிப் போகிறது. அவர்கள் சரிசெய்து மறுபடி அக்கவுன்ட்ஸுக்கு அனுப்புகிறார்கள். தேறியவை மேனேஜரிடம் போகின்றன. அவர் 30 வரை கையெழுத்துப் போடுவார். கடைசியாக இன்னொரு வைரம்: "தொகை 50,000 ரூபாய்க்கு மேலா?" 'ஆம்' என்றால் டைரக்டர். அவர் சென்னையிலிருந்து செவ்வாய், வெள்ளி மட்டும் வருகிறார். அவரிடம் போவது நாளைக்கு இரண்டு இண்டென்ட்தான்.

"அண்ணா, டைரக்டர் டேபிள்லதானே நிக்குது? வாரத்துக்கு ரெண்டு நாள்தானே வர்றாரு!" என்று ஒரு தம்பி உடனே சொன்னான். பெரும்பாலானோர் இதைத்தான் எழுதுகிறார்கள். இன்னும் சிலர் 20 வருகிறது, அக்கவுன்ட்ஸ் 24 பார்க்கிறது, அங்கே பிரச்சினை இல்லை என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த 20 என்பது புதிதாக வரும் இண்டென்ட் மட்டும். அக்கவுன்ட்ஸ் டேபிளுக்குத் திரும்பி வருவதும் வருகிறது, அதையும் சேர்க்க வேண்டும்.

நூற்றுக்கு 25 திரும்பினால், வந்த 20-இல் 5 மறுபடி வரும். அந்த 5-இலும் கால்வாசி மறுபடி வரும். இப்படியே கூட்டிக்கொண்டு போகாமல் ஒரே வகுத்தலில் முடிக்கலாம்:

```
20 ÷ (1 − 0.25) = 26.67
```

அதாவது 20 இண்டென்ட்டைத் தேற்றி அனுப்ப அக்கவுன்ட்ஸ் ஏறக்குறைய 27 முறை காகிதத்தைப் பார்க்க வேண்டும். முடிவதோ 24. நெரிசல் இங்கேதான். மேனேஜர் பாவம், 30 போடக்கூடியவர் கையில் நாளைக்கு 18-தான் வந்து சேருகிறது.

அந்த 18 எப்படி வந்தது என்பதில்தான் மதிப்பெண் போகும். அக்கவுன்ட்ஸ் 24 பார்த்தால் 18 தேறும், 6 திரும்பும். மறுநாள் புதுசு 20, திரும்பியது 6, ஆக 26 வரும். பார்ப்பது 24. தினமும் 2 மிச்சம். சிலர் 26.67-இலிருந்து 24-ஐக் கழித்து "தினமும் 2.67 தேங்கும்" என்று எழுதுவார்கள், அது தவறு. பார்க்காமல் கிடக்கும் காகிதம் இன்னும் திரும்பவே ஆரம்பிக்கவில்லை. 25 வேலை நாளில் 50 இண்டென்ட் அக்கவுன்ட்ஸில் கிடக்கும்.

டைரக்டர் டேபிளில் நிற்பது வேறு வகை. வெள்ளிக்கிழமை போனவர் செவ்வாய்தான் வருவார், அதுவரை காகிதம் காத்திருக்கும், உண்மைதான். ஆனால் அவர் உட்கார்ந்தால் எல்லாம் அன்றே முடிந்துவிடும். சிக்னலில் பச்சை விழுந்ததும் வரிசை நகர்வது போல. அது தாமதம், தேக்கம் இல்லை. படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க வழி: அந்த இடத்துக்கு வாரத்தில் வருவதையும் வாரத்தில் முடிவதையும் ஒப்பிடுங்கள். சமமென்றால் தாமதம். வருவது அதிகமென்றால் தேக்கம். நேரில் பார்க்கும் அலுவலகமாக இருந்தால், வாரா வாரம் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் காகிதக் கட்டை எண்ணுங்கள். செவ்வாய் காலையில் எண்ணிவிட்டு அடுத்த வாரம் புதன் எண்ணினால் டைரக்டர் டேபிள் உங்களை ஏமாற்றிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். திரும்பும் அம்பு எந்த இடத்தில் போய்ச் சேருகிறது? இந்தப் படத்தில் செக்‌ஷனுக்குப் போய் நேராக அக்கவுன்ட்ஸுக்கு வருகிறது. அதே அம்பு மேலே ஸ்டோர்ஸுக்கு முன்னால் சேர்ந்தால், ஸ்டோர்ஸும் 26 பார்க்க வேண்டும். இங்கே அவருக்கு 40 வரை இடம் இருப்பதால் பாதகமில்லை. ஸ்டோர்ஸின் திறன் 22 என்று மாற்றிக் கேட்டால் விடையே மாறிவிடும், நெரிசல் அங்கே போய்விடும்.

தீர்வு என்ன என்று கேட்டால் "அக்கவுன்ட்ஸுக்கு இன்னொரு ஆள்" என்று எழுதுவது சோம்பேறித்தனம் என்பது என் அபிப்பிராயம். ஸ்டோர்ஸ் கிளார்க்குக்குத்தான் பாதி நேரம் சும்மா இருக்கிறதே. கொட்டேஷன் இணைத்திருக்கிறதா, பட்ஜெட் தலைப்பு எழுதியிருக்கிறதா என்ற வைரத்தை அவரிடம் முன்னே தள்ளுங்கள். குறையோடு வருவது அவரிடமிருந்தே செக்‌ஷனுக்குத் திரும்பிவிடும். அக்கவுன்ட்ஸில் திரும்புவது நூற்றுக்கு 10 ஆகக் குறைந்தால், 20-ஐ 0.9-ஆல் வகுக்க 22.2. திறன் 24, சமாளிக்கலாம். ஆனால் இடைவெளி குறுகல். மாதக் கடைசியில் 25, 26 என்று மொத்தமாக வந்தால் சில நாள் மறுபடி சேரும். அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்த 50 என்ன ஆகும் என்று துணைக்கேள்வி வரலாம். 24 பார்த்தால் 2.4 திரும்பும், 21.6 தேறும். புதிதாக வருவது 20. நாளைக்கு 1.6 தான் குறையும். 50-ஐ 1.6-ஆல் வகுத்தால் 31 வேலை நாளுக்கு மேல். அவ்வளவு நாள் பொறுக்க முடியாத இடத்தில், அக்கவுன்ட்ஸ்காரர்களை இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு வரச் சொல்லி பழைய கட்டை முடிப்பதுதான் வழி.