முப்பத்தைந்து டாலர் குறைந்ததால் தள்ளிப்போன அறுவை சிகிச்சை

அப்பாவுக்கு வெளிநாட்டில் அறுவை சிகிச்சை. மருத்துவமனை அனுப்பிய மதிப்பீடு 18,000 டாலர். அதில் 12,000 டாலரை, மருத்துவமனையில் சேரும் நாளுக்கு ஏழு நாள் முன்பே முன்பணமாகக் கட்ட வேண்டும். விசா, டிக்கெட் எல்லாம் சுலபமாக முடிந்தன. அடி வாங்கியது பணம் அனுப்பிய இடத்தில்தான்.

முதல் தப்பு என்னுடையது. இணையத்தில் தெரிந்த மாற்று விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். அது நமக்குக் கிடைக்கும் விகிதம் இல்லை. அங்கே டாலர் 100 என்று காட்டினால் என் வங்கி விற்றது 103க்கு. 12,000 டாலருக்கு அதுவே 360 டாலர் அளவு துண்டு. வங்கியிடம் 'அனுப்பும் விற்பனை விகிதம்' என்று கேட்டு வாங்கி, பட்ஜெட்டை அதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவதில்தான் இன்னும் எரிச்சல். வியாழன் மதியம் பணம் அனுப்பினேன். அன்றைய நேரம் முடிந்துவிட்டதால் வெள்ளிதான் கிளம்பியது. நடுவில் சனி, ஞாயிறு, திங்கள் அந்த நாட்டில் விடுமுறை. புதன்கிழமை போய்ச் சேர்ந்தது 11,965. இடைநிலை வங்கி 35 டாலரைப் பிடித்துக்கொண்டது. முழுத்தொகை வராமல் தேதியை உறுதிசெய்ய முடியாது என்றார் கணக்குப் பிரிவுப் பெண். 35 டாலருக்காக அறுவை நான்கு நாள் தள்ளியது. தங்குமிடச் செலவு அதைவிட அதிகம். கட்டணப் பகுதியில் SHA, அதாவது கட்டணத்தை இரு தரப்பும் பகிர்வது, என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. OUR என்று கேட்டிருந்தால் இடைக்கட்டணம் நம் தலையில் விழும், ஆனால் பெரும்பாலும் முழுத்தொகை சேரும். பணம் அனுப்பியதற்காக வங்கிகளுக்கு இடையே போன SWIFT செய்தியின் நகலையும் அன்றே வாங்கிவிடுங்கள். பணம் எங்கே நிற்கிறது என்று தேட அதுதான் பிடி.

விகிதம் குறைவாக இருக்கும்போது மொத்தத்தையும் கட்டிவிடு என்றார் மச்சான். நான் மறுத்தேன். மிஞ்சினால் திருப்பித் தர வாரக்கணக்கில் ஆகும், அதையும் வங்கி தன் வாங்கும் விகிதத்தில்தான் மாற்றும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அதற்குப் பதில், சிக்கல் வந்தால் என்று மதிப்பீட்டுக்கு மேல் 15 சதவீதம் சேர்த்தேன்: 20,700. கட்டிய 12,000க்கு இனி விகிதப் பயம் கிடையாது. ஆகவே விகித ஏற்றத்துக்கான 5 சதவீதத்தை மீதி 8,700க்கு மட்டும் போட்டேன்: 435 டாலர். மொத்தத் தொகைக்கும் போட்டிருந்தால் வீணாக 600 டாலர் கூடுதலாக முடங்கியிருக்கும்.

கடைசி பில் 19,100. மீதி 7,100ஐ அட்டையில் கட்டினேன். வரம்பை ஊரிலேயே உயர்த்தி வைத்திருந்தேன், நல்ல வேளை. அப்புறம் அட்டை இயந்திரம், உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டலாமா என்று ஆசை காட்டியது. வேண்டாம் என்று டாலரையே அழுத்தினேன். இந்தப் பயணத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே பணக்காரியம் அதுதான் என்று அக்கா இன்னும் சிரிக்கிறாள்.