மஹல் என்றால் அன்பு, மஹல் என்றால் விலை: பார்ட்னர் விசாவுக்காக எங்கள் மெசேஜ்களை மொழிபெயர்த்த கதை

என் மனைவி பிலிப்பீன்ஸில் பதாங்காஸ் மாகாணத்துப் பெண். தாய்மொழி தகாலோக். நான் கிள்ளானில் பிறந்து மெல்போர்னில் வேலை பார்க்கிற மலேசியத் தமிழன். கல்யாணம் முடிந்து அவளை அழைத்துக்கொள்ள ஆஸ்திரேலியாவின் 309 பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கல்யாணப் பதிவு எல்லாம் பிரச்சினை இல்லாமல் கிடைத்தன. அவற்றைப் பற்றி எழுத எதுவும் இல்லை. எங்களை ஆறு வாரம் அலைக்கழித்தது ஒரே ஒரு சொல்.

உறவு உண்மையானது என்று காட்ட, தொடர்ந்து பேசிவந்ததற்கான ஆதாரமும் கொடுப்பது வழக்கம் என்பது இதில் இறங்கியவர்களுக்குத் தெரியும். நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி தகாலோக். ஆங்கிலம் அல்லாத எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள் செய்தால் நாட்டி என்ற, மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அந்நாட்டு அமைப்பின் சான்று பெற்றவர் செய்ய வேண்டும், வெளியே செய்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் எல்லாம் தாளில் இருக்க வேண்டும். நான் அப்போது லீவில் அம்மா வீட்டில் இருந்ததால் கோலாலம்பூரில் ஒரு மொழிபெயர்ப்புக் கடையிலேயே கொடுத்துவிட்டேன். விலை குறைவு, மூன்று நாளில் தருகிறோம் என்றார்கள். தகாலோக் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன், இருக்கிறார் என்று சொன்னார்கள். அவருக்கு எது தாய்மொழி என்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

மூன்றாம் நாள் பதினோரு பக்கம் கைக்கு வந்தது. அன்றிரவே விசாக் கணக்கில் ஏற்றிவிடலாம் என்று நான் உட்கார்ந்தபோது, எதற்கும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று அவள் வீடியோ காலில் கேட்டாள். இரண்டாம் பக்கத்திலேயே அவள் முகம் மாறிவிட்டது. "இதைப் படிக்கிறவர்கள் நான் உன்னிடம் பணம் பணம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன் என்றுதான் நினைப்பார்கள்" என்றாள். அப்புறம் அழுதாள். பதினோரு பக்கத்தையும் நான் திரும்ப முதலிலிருந்து படித்தேன். அவள் சொன்னது சரி.

நடந்தது இதுதான். தகாலோக்கில் மஹல் என்பது அன்பானவர், அன்பு. அதே மஹல்தான் விலை கூடியது என்பதற்கும். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, அழுத்தம் இரண்டிலும் கடைசி அசையில்தான். மலாயிலும் மஹல் உண்டு, ஆனால் அங்கே விலை கூடியது என்றுதான் பொருள், அன்பு என்று இல்லை. கிள்ளான் சந்தையில் மீன்காரரிடம் அம்மா தினமும் சொல்கிற சொல் அது. கடையில் என் வேலையைச் செய்தவர் மலாய், இந்தோனேசிய மொழிகளில் நல்லவர், தகாலோக்கை அகராதி வைத்துச் சமாளிப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கண்ணுக்கு எங்கே மஹல் பட்டாலும் அது விலையாகவே தெரிந்திருக்கிறது.

கொடுமை என்னவென்றால் எதிர்ப்பக்கத்தில் இதே போல் இன்னொரு சொல்லும் இருக்கிறது. ஸாயாங். மலாயில் அது 'அன்பே'. தகாலோக்கில் 'ஐயோ, வீணாய்ப் போச்சே'. ஒரு நாள் நான் அசந்து தூங்கிவிட, "ஸாயாங், தூலோக் கா நா" என்று அனுப்பியிருந்தாள்: அடடா, நீ தூங்கிவிட்டாயே. அதை "அன்பே, நீ தூங்கிவிட்டாய்" என்று போட்டிருக்கிறார். அவள் என்னை அன்பே என்று அழைத்த இடங்களில் எல்லாம் விலை, அங்கலாய்த்த இடத்தில் அன்பே.

சில வரிகளை விவரமாகச் சொல்கிறேன், இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

"மஹல் கித்தா" என்பதில் அவர் தப்பு செய்யவில்லை, யாராலும் செய்யவும் முடியாது. கித்தா என்பது 'நான் உன்னை' என்று இருவரையும் ஒரே சொல்லில் சேர்த்துக் கட்டியது. அன்பு காட்டுகிறவரும் பெறுகிறவரும் உள்ளேயே இருப்பதால் விலைக்கு அங்கே இடமில்லை. பொதுவான விதியும் இதுதான் என்று அப்புறம் புரிந்தது: யார் நேசிக்கிறார், யாரை நேசிக்கிறார் என்று இரண்டு பேரும் வாக்கியத்தில் வந்தால் அன்பு, ஒருவரோ ஒரு பொருளோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் விலை. "மஹல் கோ ஸியா" என்றால் அவரை நேசிக்கிறேன். "மஹல் அங் பிகாஸ்" என்றால் அரிசி விலை அதிகம்.

ஆனால் காதலர்கள் விதிப்படி எழுதுவதில்லை. பழகிய புதிதில் அவள் அனுப்பிய ஒரு வரி: "மஹல் அங் தாவக் கோ ஸா இயோ". தாவக் என்றால் அழைப்பு. ஃபோன் அழைப்பும் அதுதான், ஒருவரை அழைக்கிற பெயரும் அதுதான். ஆகவே இதை 'உனக்கு ஃபோன் செய்ய செலவு அதிகம்' என்றும் படிக்கலாம், 'உன்னை நான் மஹல் என்றுதான் அழைக்கிறேன்' என்றும் படிக்கலாம். இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே. அதற்கு முந்தைய மெசேஜில் நான், 'உன் அம்மாவிடம் என்னை என்ன பெயர் சொல்லிப் பேசுவாய்' என்று கேட்டிருந்தேன். அந்தக் கேள்வி இருந்தால் பதிலில் சந்தேகமே வராது. கடைக்காரரோ தேதிவாரியாக ஒரு அட்டவணை போட்டு, தகாலோக் வரிகளை மட்டும் தனித்தனிக் கட்டத்தில் போட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்த என் கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று விட்டுவிட்டார். கேள்வி போனதும் பதில் ஃபோன் பில் பற்றிய புகாராகிவிட்டது. என்னை முதன்முதலாக அந்தப் பெயர் சொல்லி அழைத்த மெசேஜ் அது.

இன்னொன்று, "மஹல் மஹல் பமஸாஹே". பமஸாஹே என்றால் பயணக் கட்டணம். முதல் மஹல் என்னை அழைப்பது, இரண்டாவது விலை: 'அன்பே, டிக்கெட் விலை அதிகம்'. ஃபோனில் தட்டும்போது யார் காற்புள்ளி வைக்கிறார்கள்? அது இல்லாததால் 'ரொம்ப ரொம்ப விலை' என்று ஆகிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டது போய் வெறும் கட்டணப் பேச்சாகிவிட்டது. இப்படி ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, பதினோரு பக்கத்தில் இருபதுக்கும் மேல்.

என் மனத்தை ரொம்ப வருத்தியது கடிதம்தான். என் பிறந்தநாளுக்குக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். தகாலோக் கடிதத்தின் கடைசியில் 'நக்மமஹல்' என்று போட்டு, கீழே பெயர் எழுதுவார்கள். 'நேசத்துடன்' என்பது போல. அதே வினை விலைவாசிக்கும் வரும், 'விலை ஏறிக்கொண்டிருக்கிறது' என்ற பொருளில். கடை தந்த தாளில் கடிதத்தின் கடைசி வரி 'விலை ஏறிவருகிறது', அதன் கீழே என் மனைவியின் பெயர். விசா அதிகாரி ஒருவர் அதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

மறுநாள் நேரில் போனேன். கிள்ளானிலிருந்து ரயில், பிறகு வெயிலில் நடை. கவுண்டரில் இருந்த அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "மஹல் என்றால் விலைதானே, உங்களுக்கே தெரியுமே சார்" என்றார். மலாயில்தான் அப்படி, இது தகாலோக் என்று சொன்னேன். அகராதியில் விலை என்றும் இருக்கிறதே என்றார். இருக்கிறது, இரண்டும் இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன் என்றேன். திருத்த வேண்டுமானால் புதிதாகப் பணம் கட்டச் சொன்னார். பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மெல்போர்ன் திரும்பியதும் நாட்டி சான்று பெற்ற, தகாலோக்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரைப் பிடித்தேன். கட்டணம் மூன்று மடங்கு. அவர் முதலில் கேட்டதே, "ஆங்கில வரிகளையும் சேர்த்து முழு உரையாடலையும் அனுப்புங்கள்" என்பதுதான். ஸ்கிரீன்ஷாட்களை வரிசை மாறாமல், தேதியும் நேரமும் தெரியும்படி அனுப்பினேன். என்னை அழைக்கிற இடங்களில் அவர் மஹல் என்பதை மாற்றாமல் பெயர் போல் அப்படியே விட்டு, முதல் இடத்தில் மட்டும் 'அன்பானவரை அழைக்கும் சொல்' என்று குறிப்பு போட்டார். விலை என்று வருகிற இடங்களில் விலை என்றே போட்டார். அதுவும் முக்கியம், ஏனென்றால் நிஜமாகவே நாங்கள் டிக்கெட் விலையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், அதை மறைக்க ஒன்றுமில்லை.

ஒரே ஒரு இடத்தில் அவரும் நின்றுவிட்டார். "அங் மஹல் மோ". இதை 'உன் அன்புக்குரியவர்' என்றும் படிக்கலாம், 'நீ எவ்வளவு விலை கூடியவன்' என்றும் படிக்கலாம். நான் மேலே சொன்ன விதி உடைகிற இடம் இது, ஏனென்றால் 'மோ' என்பது 'உன்', 'நீ' இரண்டுக்கும் வரும், 'அங்' போட்டு வியக்கும்போதும் அதே 'மோ'தான். கடைசியில் 'நமான்' இருந்தால் வியப்பு என்று ஊகிக்கலாம், இதில் இல்லை. அவர் எனக்கு ஃபோன் செய்து மனைவியிடம் கேட்கச் சொன்னார். அது அவள் தன் செல்ஃபியின் கீழே எழுதியது: உன் அன்புக்குரியவள், இதோ. படத்தையும் அனுப்பினேன், வரி சரியானது. படம், ஸ்டிக்கர், சிரிப்பு எமோஜி எதையும் வெட்டாமல் கொடுங்கள், சில நேரம் பொருள் அதில்தான் இருக்கிறது.

2023 ஜனவரியில் பிலிப்பீன்ஸில் வெங்காயம் கிலோ 600, 700 பேஸோ வரை போனது. அப்போது அவள் அனுப்பியது: "நக்மமஹல் அங் ஸிபூயாஸ். நக்மமஹல் தின் அகோ." வெங்காயம் விலை ஏறுகிறது, நானும் நேசிக்கிறேன். இரண்டு வாக்கியத்திலும் வினை ஒன்றுதான். இப்படி விளையாடுவது அங்கே எல்லோரும் செய்வது, பெட்ரோல் ஏறினாலும் அரிசி ஏறினாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். தமிழில் 'அருமை' என்பதற்குள் அரிது என்பதும் இருக்கிறதே, அதை வைத்துத்தான் அம்மாவுக்கு இதை விளக்கினேன், உடனே புரிந்துகொண்டார். கோலாலம்பூர் தாளில் இந்த வரி 'வெங்காயம் விலை ஏறுகிறது. நானும் விலை ஏறுகிறேன்' என்று இருந்தது. புதிய மொழிபெயர்ப்பாளர் முதலாவதை விலை என்றும் இரண்டாவதை அன்பு என்றும் போட்டு, அடியில் இரண்டு வரி எழுதினார்: மூலத்தில் இரு இடத்திலும் ஒரே சொல், அனுப்பியவர் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தை அவளுக்குக் காட்டினேன். அடிக்குறிப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, சரி, இப்போது ஏற்று என்றாள். அன்றிரவே ஏற்றினேன்.