தள்ளுபடிக் காலத்தில் விளம்பரம் சொல்லும் விலையும் பக்கத்தில் இருக்கும் விலையும்

இணையவழி விற்பனைக் கடை ஒன்றின் தேடல் விளம்பரங்களைக் கூகுள் ஆட்ஸில் கவனித்துக்கொள்வது என் வேலை. அண்மையில் முடிந்த தள்ளுபடி விற்பனைக்காக ப்ரமோஷன் அசெட்டுகளையும் பிரைஸ் அசெட்டுகளையும் அமைத்து, விற்பனை முடியும் வரை அவற்றில் ஒரு தவறான எண்கூடத் தங்காமல் பார்த்துக்கொண்ட விதத்தை இங்கே எழுதுகிறேன். விளம்பரத்துக்குக் கீழே தள்ளுபடியைத் தனி வரியாகக் காட்டுவது ப்ரமோஷன் அசெட். பொருட்களின் பெயரையும் விலையையும் வரிசையாகக் காட்டுவது பிரைஸ் அசெட். இரண்டையும் நாம்தான் கையால் நிரப்புகிறோம். கடையின் இணையப் பக்கத்தில் விலை மாறினால் இவை தாமாக மாறுவதில்லை.

முதலில் எங்களை யோசிக்க வைத்தது, இவ்விரண்டும் ஒரே விளம்பரத்தில் சேர்ந்து வரும்போது வாசிப்பவர் என்ன கணக்குப் போடுவார் என்பதுதான். ஒரு பொருளின் வழக்கமான விலை 1,000 என்றும், தள்ளுபடி 20 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். பிரைஸ் அசெட்டில் 800 என்று எழுதி, ப்ரமோஷன் அசெட்டில் 20 சதவீதத் தள்ளுபடி என்றும் எழுதினால், இரண்டும் தனித்தனியே உண்மைதான். ஆனால் சேர்த்துப் படிப்பவர் 800-இலிருந்து இன்னும் 20 சதவீதம் குறையும் என்று எண்ணி, 640-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு வருவார். பிரைஸ் அசெட்டில் 1,000 என்றே விட்டுவைத்தால் கணக்குச் சரியாக வரும். ஆனால் ப்ரமோஷன் அசெட் தோன்றாத விளம்பரத்தில் அவர் பார்ப்பது கடையில் இப்போது இல்லாத விலையாகிவிடும். எந்த அசெட் எந்தத் தேடலுக்குத் தோன்ற வேண்டும் என்பதைக் கூகுளே முடிவு செய்வதால், இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று நம்பி எதையும் எழுத முடியாது. ஆகவே ஒவ்வோர் அசெட்டும் தனியாக நின்றாலும் உண்மையாக இருக்க வேண்டும், மற்றதோடு சேர்ந்து நின்றாலும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதையே அளவுகோலாகக் கொண்டோம்.

அதன்படி கேம்பெயின்களைப் பிரித்தோம். பொருட்களின் விலை பக்கத்திலேயே நேரடியாகக் குறைக்கப்பட்டிருக்கும் கேம்பெயின்களில், குறைக்கப்பட்ட விலையைக் காட்டும் பிரைஸ் அசெட்டை மட்டும் வைத்து, ப்ரமோஷன் அசெட்டை நீக்கினோம். பலவகைப் பொருட்களுக்குப் பல அளவுகளில் தள்ளுபடி இருந்த கேம்பெயின்களில் ப்ரமோஷன் அசெட் மட்டும் இருந்தது. கூப்பன் கோடு போட்டால்தான் தள்ளுபடி என்ற பொருட்களுக்கு மட்டும் இரண்டையும் விட்டுவைத்தோம். அங்கே செக்அவுட் வரை பக்கத்தில் 1,000 என்றுதான் இருக்கும் என்பதால், பிரைஸ் அசெட்டின் 1,000-உம் ப்ரமோஷன் அசெட்டின் 20 சதவீதமும் ஒன்றோடொன்று மோதவில்லை. இந்தப் பிரிவினை நிலைக்க வேண்டுமானால் விளம்பரக் கணக்கு மட்டத்தில் எந்த ப்ரமோஷன் அசெட்டும் இருக்கக் கூடாது. அங்கே இணைக்கப்பட்டது, தள்ளுபடியே இல்லாத கேம்பெயினின் விளம்பரத்திலும் போய் நிற்கும்.

கூப்பன் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. எங்கள் தள்ளுபடிக்குக் கோடும் வேண்டும், குறைந்தபட்ச ஆர்டர் தொகையும் வேண்டும். ப்ரமோஷன் அசெட்டோ இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டுமே ஏற்கும். கூப்பன் கோடைப் போட்டு, தொகையை விளம்பரத்தின் வேறொரு வரியில் எழுதிக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தது; அந்த வரி எப்போதும் தோன்றும் என்ற உறுதி இல்லாததால் அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சத் தொகையை அசெட்டில் எழுதினோம். கூப்பன் கோடை லேண்டிங் பக்கத்தின் உச்சியில், உருட்டாமலே கண்ணில் படும்படி வைத்தோம். கோடு தெரியாமல் வந்தவருக்குப் பக்கத்திலேயே அது கிடைத்துவிடுகிறது. தொகை நிபந்தனை தெரியாமல் வந்தவரோ செக்அவுட்டில்தான் அதை அறிவார். அந்த ஏமாற்றத்தை நாம் உண்டாக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

விற்பனை நடக்கும்போது மிகுந்த கவனத்தைக் கோரியது ப்ரமோஷன் அசெட்டில் உள்ள `Up to` என்ற தேர்வு. ‘40 சதவீதம் வரை’ என்று சொல்ல வேண்டுமானால், 40 சதவீதம் குறைந்த பொருள் ஒன்றாவது வாங்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அதிகத் தள்ளுபடி உள்ள பொருள்தான் முதலில் விற்றுத் தீரும் என்பது எல்லோரும் அறிந்ததே. அது தீர்ந்த கணத்தில் பக்கத்தில் எஞ்சியிருக்கும் அதிகபட்சத் தள்ளுபடி 30 ஆகிவிடுகிறது. விளம்பரம் மட்டும் 40 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பிரைஸ் அசெட்டில் `From` என்று போட்டு எழுதும் ஆரம்ப விலைக்கும் இதே கதிதான்: மிகக் குறைந்த விலையுள்ள அளவோ நிறமோ தீர்ந்தால் அந்த விலை பொய்யாகிவிடும். விளம்பரத்தில் சொன்ன சலுகை, சென்று சேரும் பக்கத்தில் கிடைக்கவில்லை அல்லது எளிதில் கண்ணில் படவில்லை என்றால், அது கூகுளின் விளம்பரக் கொள்கையையும் மீறுவதாகும்.

இதற்காக ஸ்டாக் பட்டியலிலிருந்து ஒரு சிறிய தாளை உருவாக்கினோம். கையிருப்பு பூஜ்யத்துக்கு மேல் உள்ள பொருட்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் இப்போதுள்ள அதிகபட்சத் தள்ளுபடியையும் குறைந்தபட்ச விலையையும் அது காட்டும். பக்கத்து நெடுவரிசையில் அசெட்டில் எழுதியிருக்கும் எண் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் அந்த வரி சிவப்பாகும். விற்பனை நாட்களில் காலையிலும் மாலையிலும் இதைப் பார்த்தோம். சிவப்பு வந்ததும் எண்ணைத் திருத்தினால் போதாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டியிருந்தது. திருத்தப்பட்ட அசெட் மறுபடியும் பரிசீலனைக்குப் போகும். அது பெரும்பாலும் ஒரு வேலைநாளுக்குள் முடிந்தாலும், விற்பனைக் காலத்தில் ஒரு நாள் என்பது நீண்ட நேரம். அதனால் தீரக்கூடிய பிரிவுகளுக்கு 40-க்கு ஓர் அசெட், 30-க்கு ஓர் அசெட் என்று முன்கூட்டியே உருவாக்கி, இரண்டுக்கும் அனுமதி வந்த பிறகு 30-ஐ நிறுத்திவைத்திருந்தோம். தாள் சிவப்பானதும் ஒன்றை நிறுத்தி மற்றதை இயக்கினோம். உண்மையில் எல்லாப் பிரிவுகளுக்கும் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. கையிருப்பு குறைவாக உள்ள பிரிவுகளில் முதலிலேயே 30 என்று எழுதிவிடுவதே நல்லது. பக்கத்துக்கு வந்தவர் 40-ஐக் கண்டால் மகிழ்வாரே தவிர, குறை சொல்ல மாட்டார்.

தேதிகளில் இரண்டு வகை உண்டு. பெயர்கள் ஒத்திருப்பதால் புதிதாகச் செய்பவர்கள் இங்கே குழம்புவார்கள். ஒன்று, வாசிப்பவருக்குக் காட்டப்படும் சலுகைத் தேதி. மற்றது, அசெட் எப்போது தோன்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் அட்டவணை. இரண்டையும் தனித்தனியே நிரப்ப வேண்டும். அட்டவணை, விளம்பரக் கணக்கின் நேர மண்டலத்தைப் பின்பற்றுகிறது. எங்கள் கணக்கும் கடையின் தளமும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தன. தளத்தில் விலை பழைய நிலைக்குத் திரும்பும் மணியைக் கணக்கின் நேரத்துக்கு மாற்றி எழுதி, அதற்கும் சற்று முன்பாகவே அசெட் மறையும்படி அட்டவணையின் கடைசி நாளையும் மணியையும் வைத்தோம். கடைசி நேரத்தில் விளம்பரம் சலுகையைச் சொல்லாமல் போவதால் சில கிளிக்குகள் குறையலாம். முடிந்துபோன சலுகைக்கு ஒருவரை அழைத்து வருவதைவிட அது மேல்.

பிரைஸ் அசெட்டுகளை விற்பனை முடிந்த இரவே ஒருவர் விழித்திருந்து கையால் மாற்றினார்: விற்பனை விலை கொண்டவற்றை நிறுத்தி, ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த வழக்கமான விலை அசெட்டுகளை இயக்கினார். பிறகு ஒவ்வொரு வரியின் இணைப்பையும் திறந்து, அங்கே உள்ள விலையோடு ஒப்பிட்டோம். பிரைஸ் அசெட்டில் குறைந்தது 3, அதிகபட்சம் 8 வரிகள் என்பதால் இது நெடுநேரம் பிடிக்கும் வேலை அல்ல. விற்பனைக்கெனத் தனியாகத் திறந்திருந்த பக்கத்துக்குப் போகும் இணைப்பு ஒன்றிரண்டு வரிகளில் தங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட்டோம். ஏனெனில் அந்தப் பக்கம் மறுநாள் மூடப்படவிருந்தது.