ஹாஷ் டேபிள்: கேட் 2010 கணக்கு ஒண்ணை வச்சு நான் படிச்ச விதம்

கேட் சிஎஸ் எக்ஸாமுக்கு படிச்சப்போ ஹாஷிங் ரெண்டு தடவை படிச்சும் எனக்கு மனசுல நிக்கல. டெஃபனிஷன் எல்லாம் தெரியும், ஆனா கணக்குனு வந்தா ப்ரோப் எண்ணிக்கை ஒண்ணு ரெண்டு தப்பிடும். அப்புறம் 2010 பேப்பர்ல வந்த ஒரே ஒரு டேபிளை எடுத்துக்கிட்டு அதையே நாலஞ்சு விதமா நோண்டினேன், அதுல தான் செயினிங், ஓபன் அட்ரஸிங், லோட் ஃபேக்டர் மூணும் ஒண்ணா புரிஞ்சுது. அதை அப்படியே எழுதுறேன், பேப்பர் பேனா எடுத்து கூடவே போட்டு பாருங்க.

10 ஸ்லாட் இருக்கிற டேபிள், ஹாஷ் ஃபங்ஷன் `k mod 10`, இடம் ஏற்கனவே நிரம்பியிருந்தா அடுத்த ஸ்லாட், அதுவும் நிரம்பியிருந்தா அதுக்கடுத்தது, அதாவது லீனியர் ப்ரோபிங். ஆறு கீ போட்டு முடிச்ச பிறகு டேபிள் இப்படி இருக்கு:

```
slot: 0  1  2  3  4  5  6  7  8  9
key:  -  - 42 23 34 52 46 33  -  -
```

எந்த வரிசையில கீ உள்ள போயிருக்கும், அப்படி எத்தனை வரிசை சாத்தியம்னு கேள்வி. ஒவ்வொரு ஆப்ஷனையும் முதல்ல இருந்து போட்டு பாக்குறது டைம் வேஸ்ட், டேபிளை பின்னாடி இருந்து படிக்கணும். 42, 23, 34, 46 நாலும் தன் சொந்த ஸ்லாட்ல இருக்கு, அதுங்களுக்கு யாரும் முன்னாடி வரணும்னு இல்ல. 52 இடம்மாறி இருக்கு, அதோட வீடு 2, உக்காந்திருக்கிறது 5, அப்போ 2, 3, 4 மூணும் அதுக்கு முன்னாடியே நிரம்பியிருக்கணும். 33 வீடு 3, உக்காந்திருக்கிறது 7, அதனால 3 முதல் 6 வரைக்கும் ஃபுல்லா இருந்திருக்கணும், அதுல 52ம் 46ம் அடக்கம், 52க்கு முன்னாடி 42ம் வந்தாகணும், ஆக 33 தான் கடைசி. 42, 23, 34ஐ எப்படி வேணா மாத்தலாம், 6 விதம், அதுக்கப்புறம் 52. இந்த நாலு பேர் வரிசையில 46 முன்னாடியோ நடுவுலயோ பின்னாடியோ 5 இடத்துல நுழையலாம், 6 × 5 = 30. விடை 30.

பல பேர் இங்கயே அடுத்த கேள்விக்கு போயிடுவாங்க, நான் போகாம இதே டேபிள்ல தேடுற செலவை எண்ணினேன். இருக்கிற கீயை தேடுனா 42, 23, 34, 46க்கு ஆளுக்கு ஒரு ப்ரோப், 52க்கு 4, 33க்கு 5, மொத்தம் 13, சராசரி 2.17. இல்லாத கீயை தேடுனா காலி ஸ்லாட் வர்ற வரைக்கும் போயாகணும், ஸ்லாட் 2ல ஆரம்பிச்சா 7 ப்ரோப் (எட்டாவது ஸ்லாட் காலினு பாக்குறதையும் சேத்து), 3ல 6, இப்படியே குறைஞ்சு 7ல 2, மத்த நாலு காலி ஸ்லாட்டுக்கு ஒண்ணு ஒண்ணு. மொத்தம் 31, சராசரி 3.1. அந்த காலி ஸ்லாட்டை எண்ணுறதா வேணாமானு கேள்வில என்ன சொல்லியிருக்குனு கண்டிப்பா பாருங்க, எனக்கு ப்ரோப் எண்ணிக்கை தப்புனது முழுக்க இந்த இடத்துல தான்.

இதே ஆறு கீயை செயினிங்ல போடுங்க. 2ல 42, 52, 3ல 23, 33, 4லயும் 6லயும் ஒண்ணொண்ணு. இருக்கிற கீக்கு மொத்தம் 8 கம்பேரிசன், சராசரி 1.33, இல்லாத கீக்கு 6/10, அதாவது 0.6. ஏன் இவ்வளவு வித்தியாசம்னா செயினிங்ல 2ல நடக்கிற மோதல் 2லயே முடிஞ்சிடுது, லீனியர் ப்ரோபிங்ல 52 போய் 5வது ஸ்லாட்டை பிடிச்சதால சம்பந்தமே இல்லாத 33 ஏழு வரைக்கும் ஓட வேண்டியதாச்சு. இது தான் ப்ரைமரி க்ளஸ்டரிங். இப்போ அடுத்து வர்ற கீ 8வது ஸ்லாட்டுக்கு போற வாய்ப்பு எவ்வளவு? ஹாஷ் 2 முதல் 8 வரைக்கும் எது வந்தாலும் அங்க தான், 7/10. பெரிய க்ளஸ்டர் தான் இன்னும் வேகமா வளரும்.

லோட் ஃபேக்டர், அதாவது கீ எண்ணிக்கையை ஸ்லாட் எண்ணிக்கையால வகுத்தா வர்றது, ரெண்டுலயும் 0.6 தான்னு கவனிங்க. இன்னும் சொல்லப்போனா ஆறு கீயும் ரெண்டு ரெண்டா மூணு தனி க்ளஸ்டரா பிரிஞ்சிருந்தா இல்லாத கீக்கு சராசரி 1.9 தான், நீங்களே எண்ணி பாருங்க. அதனால லோட் ஃபேக்டர் மட்டும் செலவை முடிவு பண்ணாது, ஆனா அது ஏற ஏற க்ளஸ்டர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிறதை தடுக்க முடியாது. ஹாஷ் நல்லா பரவலா விழுதுனு வச்சுக்கிட்டா லீனியர் ப்ரோபிங்ல இல்லாத கீக்கான சராசரியை க்னூத் 1963ல கணக்கு போட்டு காட்டினார்:

```
(1 + 1/(1-α)^2) / 2
```

ஆல்ஃபாங்கிறது லோட் ஃபேக்டர் தான், அது 0.5னா 2.5 ப்ரோப், 0.75னா 8.5, 0.9னா 50.5. பெரிய டேபிளுக்கான சராசரி இது, நம்ம 10 ஸ்லாட்டுக்கு அச்சா பொருந்தாது (0.6க்கு 3.6 வரும், நமக்கு 3.1). செயினிங்ல அதே 0.9க்கு 0.9 கம்பேரிசன் தான், ஆல்ஃபா 2 ஆனாலும் சராசரி 2 தான், ஓபன் அட்ரஸிங்ல 1ஐ தாண்டவே முடியாது. ஜாவா ஹாஷ்மேப் செயினிங் தான் பண்ணுது, இருந்தும் டிஃபால்ட்டா 0.75ல வச்சிருக்காங்க, 16 பக்கெட்ல 13வது கீ விழுந்ததும் 32 ஆயிடும்.

டெலீட்டும் இதே டேபிள்ல பாத்துடலாம். 23ஐ எடுத்துட்டு 3வது ஸ்லாட்டை வெறும் காலினு விட்டீங்கனா, 33ஐ தேடுறவன் 3ல ஆரம்பிச்சு காலினு பாத்து அங்கயே நின்னுடுவான், 33 ஏழுல பத்திரமா இருந்தும் இல்லனு பதில் வரும். 52க்கும் இதே கதி. அதனால அங்க டெலீட்டட்னு ஒரு குறி போடணும், தேடும்போது அதை தாண்டி போகணும். கீ எண்ணிக்கை குறைஞ்சாலும் ப்ரோப் குறையாது, குறி நிறைய சேந்துட்டா டேபிளையே திரும்ப கட்டணும். செயினிங்ல இந்த தொல்லை கிடையாது, லிஸ்ட்ல இருந்து ஒரு நோடை கழட்டுனா போதும்.

கட்டுறதுனதும் லேப்ல நான் பண்ண தப்பு ஞாபகம் வருது. 20 ஸ்லாட்டுக்கு பெருசாக்கும்போது பழைய அரேயை அதே இண்டெக்ஸ்ல காப்பி பண்ணிட்டேன். 42, 23, 46 கிடைக்குது, 34, 52, 33 கிடைக்கல. சரியா பாதி காணாம போனதை வச்சு தான் பிடிச்சேன், `34 mod 20` 14 ஆச்சே, தேடுறது 14ல, கீ இருக்கிறது 4ல. ஒவ்வொரு கீயையும் புதுசா ஹாஷ் பண்ணி தான் போடணும் (கீ எல்லாம் பாசிட்டிவ், காலிக்கு -1, டெலீட்டடுக்கு -2):

```c
for (i = 0; i < 10; i++)
    if (old[i] >= 0)
        insert(t2, 20, old[i]);
```

இப்படி போட்டா 42 ரெண்டுல, 23 மூணுல, 46 ஆறுல, 52 பன்னெண்டுல, 33 பதிமூணுல, 34 பதினாலுல. லோட் ஃபேக்டர் 0.3, ஒரு மோதல் கூட இல்ல, முன்னாடி 13 ப்ரோப் ஆன அதே ஆறு கீ இப்போ ஆறே ப்ரோப்ல கிடைக்குது.