ஜூலை, இருபதாம் தேதி வரை

ஜூலை 6

ஜூன் மாத டிடிஎஸ் கட்டியாயிற்று. நாளை வரை நேரம் உண்டு, ஆனால் ஏழாம் தேதி வருமான வரித் தளத்தோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. அம்மாவுக்கு 22 அன்று ஆபரேஷன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 8

சார் கூப்பிட்டார். ஸ்ரீபெரும்புதூர் கிளையின் வெண்டார் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டுமாம். "நீயே பார்த்துடும்மா. உன்கிட்ட கொடுத்தா எனக்குக் கவலை இல்ல." இப்படிப் பாராட்டு முன்னால் வந்தால் பின்னால் என்ன வரும் என்று தெரியாதா!

எத்தனை பேர், எப்போது வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நாற்பது பேர், 17-க்குள். ஆடிட்டர் கேட்கிறாராம். "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன் சார்" என்று வந்துவிட்டேன். அங்கேயே சரி என்றிருந்தால் வேலை என் தலையில். அங்கேயே முடியாது என்றிருந்தால் பேச்சு வேலையை விட்டு என் மனப்பான்மைக்குப் போயிருக்கும்.

ஜூலை 9

ஒரே ஒரு வெண்டாரை எடுத்து முழுதாகச் செய்து பார்த்தேன். நம் லெட்ஜருக்கும் அவர்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டுக்கும் நடுவே திருப்பி அனுப்பிய சரக்குக்கான டெபிட் நோட் ஒன்று, டிடிஎஸ் பிடித்ததை அவர்கள் கணக்கில் எடுக்காத பில்கள் இரண்டு, சரக்கு வந்தும் நம் பக்கம் ஏறாத பில் ஒன்று. ஐம்பது நிமிடம். நாற்பது பேருக்கு 33 மணி நேரம், அதாவது நான்கு முழு நாள். "நிறைய வேலை இருக்கு சார்" என்றால் யாருக்குத்தான் இல்லை என்பார். 33 மணி நேரத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

மெயிலில் இவ்வளவுதான் எழுதினேன்: "11 ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை ரிட்டர்ன். 15 பிஎஃப், இஎஸ்ஐ. 14-ல் சப்ளையர் பில் பட்டியல் 2பி வந்ததும் பொருத்திப் பார்த்து 20-க்குள் 3பி ரிட்டர்ன், வரி. இதற்கு நடுவே நாற்பது பேரையும் முடிக்க வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றை வேறொருவருக்கு மாற்ற வேண்டும். அல்லது பாக்கி அதிகமுள்ள எட்டு பேரை மட்டும் 17-க்குள் தருகிறேன், மீதி 23-க்குப் பிறகு. எது வேண்டும் என்று சொல்லுங்கள்."

ஜூலை 10

பதில் இல்லை. அம்மா கண்ணில் சொட்டு மருந்து விட மறந்துவிட்டு என்னைத் திட்டுகிறாள்.

ஜூலை 11

ஜிஎஸ்டிஆர்-1 போயிற்று.

ஜூலை 13

என் மேசைக்கே வந்துவிட்டார். மெயிலைப் படித்த மாதிரி தெரியவில்லை. "எல்லாரும்தான் ரெண்டு பேர் வேலை பார்க்கிறாங்க." எனக்கு முகம் சூடாகிவிட்டது. எட்டு மணி வரை உட்கார்ந்திருந்த நாட்களை எல்லாம் அடுக்கத் தோன்றியது. அடுக்கவில்லை, அந்தக் கணக்கில் ஜெயிப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"செய்றேன் சார். 3பி-யை யாருக்கு மாத்தலாம்?"

பேசாமல் நின்றார். 3பி தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய்தான். கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி, அது யார் பெயரில் மேலே போகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "சரி, அந்த எட்டு பேரை முடி. மீதி அப்புறம் பாக்கலாம்."

அவர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அதையே மெயிலில் போட்டுவிட்டேன். வாயால் சொன்ன "அப்புறம்" சாயங்காலத்துக்குள் "நாளைக்கு" ஆகிவிடும்.

ஜூலை 14

2பி வந்தது. மூன்று சப்ளையர்களின் பில்கள் அதில் இல்லை. அவர்கள் நேரத்துக்குப் பதிவேற்றாததால் நமக்கு இந்த மாதம் அந்த வரிக்குக் கிரெடிட் இல்லை. அடுத்த மாதமாவது வர வேண்டுமே என்று மத்தியானம் முழுக்க ஃபோன்.

ஜூலை 15

கிளைப் பையன் கூப்பிட்டான். "அக்கா, இது ஒண்ணு மட்டும், ரொம்பச் சின்னது." இதுதான் ஆபத்தான இடம். பெரிய வேலையை மறுத்துவிட்டுச் சின்னச் சின்னதாக வாங்கிக்கொண்டால் மாதக் கடைசியில் நாற்பதும் என்னுடையதாக இருக்கும், அதுவும் யாரும் கொடுத்ததாகவே கணக்கில் இல்லாமல். ஸ்கிரீனைப் பகிரச் சொல்லி, என் ஷீட்டைக் கொடுத்து, அவனையே செய்ய வைத்தேன். எனக்குக் கால் மணி நேரம்தான் போயிற்று. நானே செய்திருந்தால் ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேனோ? இருக்கட்டும்.

ஜூலை 17

எட்டும் காலையிலேயே அனுப்பியாயிற்று, நிலுவையில் உள்ளவை தனித் தாளில். ஒப்புக்கொண்டது ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த முறை நான் போடும் மணிக்கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். சாரிடமிருந்து கட்டைவிரல் ஒன்று வந்தது.

ஜூலை 18

சப்ளையர்களில் ஒருவர் இன்னும் ஃபோன் எடுக்கவில்லை. அம்மா, "ஆபரேஷன்ல வலிக்குமாடி?"

ஜூலை 20

3பி போட்டாயிற்று. ஏஆர்என் ஒப்புகை நம்பரை சாருக்கு அனுப்பிய சூட்டோடு சூடாக வாட்ஸப்: "22 லீவை ஒரு நாள் தள்ளிப் போட முடியுமாம்மா? ஆடிட்டர் வர்றார்."

"முடியாது சார், அம்மாவுக்கு ஆபரேஷன். ஆடிட்டருக்கு வேண்டிய எட்டு பேர் கணக்கும் பொது ஃபோல்டரில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் நாளை மத்தியானத்துக்குள் கேளுங்கள், உட்கார்ந்து விளக்குகிறேன்."

நீல டிக் விழுந்துவிட்டது. ஏதோ டைப் செய்கிறார், நிறுத்துகிறார்.