டீ-ஷர்ட் மடிப்புகளுக்கு ஏற்ப லோகோ வளைவதற்குச் செய்து பார்த்தவை

வெளிர் சாம்பல் நிற டீ-ஷர்ட் அணிந்த ஒருவரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், 3000 பிக்சல் அகலத்தில் எடுத்த படம் அது. அதன் மார்புப் பகுதியில் கருநீல லோகோ ஒன்றை, அங்கேயே அச்சிட்டதுபோல ஃபோட்டோஷாப்பில் பொருத்திப் பார்த்தேன். இதற்கு உதவும் Displace ஃபில்டருக்கு மடிப்பு என்பது தெரியாது. தனியே சேமித்துத் தரும் PSD கோப்பின் ஒளி அளவை மட்டுமே அது படிக்கிறது. 128 என்ற நடுச்சாம்பல் உள்ள இடத்தில் லோகோ அசையாது. அதைவிட வெளிச்சமான இடத்தில் ஒரு பக்கமும் இருண்ட இடத்தில் எதிர்ப்பக்கமும் மூலைவாட்டில் நகரும். கிடையாகவும் செங்குத்தாகவும் தனித்தனியே நகரும் தொலைவைக் கணக்கிடுவது எளிது:

```
நகர்வு (பிக்சல்) = (ஒளி அளவு − 128) × Scale ÷ 100
```

மார்புப் பகுதியைத் தேர்ந்தெடுத்து Histogram-இல் பார்த்தபோது சராசரி 210 என்றும், மடிப்பின் பள்ளம் ஏறக்குறைய 190, முகடு 230 என்றும் தெரிந்தது. நிறம் நீக்கிய நகலை அப்படியே கொடுத்தால், Scale 10-இல் லோகோ முழுவதுமாக 8 பிக்சல் இடம் பெயரும்; பள்ளத்துக்கும் முகட்டுக்கும் இடையிலான வேறுபாடோ 4 பிக்சல்தான். ஆகவே Levels-இல் கருமுனையை 170-க்கும் வெண்முனையை 250-க்கும் கொண்டுவந்தேன். சராசரி 128-க்கு வந்தது. பள்ளம் 64, முகடு 191 என விலகின. Scale 15 வைத்தால் இரு பக்கமும் 9 பிக்சலுக்குச் சற்று மேல் வளைவு கிடைக்கும். இந்தப் படத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்தது மங்கலாக்கல். லோகோவை வைப்பதற்கு முன், அதே இடத்தில் மெல்லிய நேர்கோடுகளை வரைந்து ஃபில்டரை ஓட்டிப் பார்ப்பது நல்லது. துணியின் நெசவும் படத்தின் புள்ளிகளும் கோப்பில் எஞ்சியிருந்தால் கோட்டின் விளிம்பு ரம்பப் பல்லைப்போல் அரித்துத் தெரியும். Gaussian Blur 4 பிக்சலில் கோடு வழுவழுப்பாக வளைந்தது. 12-க்கு ஏற்றியதும் சிறு சுருக்கங்கள் மறைந்து பெரிய மடிப்புகள் மட்டும் நின்றன. மங்கலாக்காத நகலையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நிழலுக்கு அது தேவைப்படும்.

லோகோ லேயரை Multiply-இல் வைத்தால் நிழல் விழுகிறது. ஆனால் கருநீலம் ஏற்கெனவே இருண்டிருப்பதால் முகடுகளின் ஒளி எழுவதில்லை. மங்கலாக்காத நகலை லோகோவின் மேல் கிளிப் செய்து Soft Light-இல் வைத்ததும் மையின் மீதும் சுருக்கம் தெரிந்தது. நடுச்சாம்பலுக்கு Soft Light-இலும் பாதிப்பில்லை என்பதால், Levels-இல் செய்த சீரமைப்பு இங்கேயும் பயன்பட்டது.

இம்முறைக்கு எட்டாதவையும் உண்டு. வியர்வைக் கறையும் கையின் நிழலும் இருண்டிருப்பதால் அவற்றையும் ஃபில்டர் பள்ளமாகவே எடுத்துக்கொள்கிறது. நகலில் அவ்விடங்களை முன்கூட்டியே சாம்பலால் பூசிவிட வேண்டும். துணி தன்மேலேயே மடிந்து லோகோவின் ஒரு பகுதியை மறைக்கும் இடத்தில் பிக்சலை நகர்த்திப் பயனில்லை. அங்கே மடிப்பின் விளிம்பை ஒட்டி மாஸ்க்கால் லோகோவை வெட்டி, மறுபுறத்துத் துண்டைச் சற்றுத் தள்ளி வைப்பதுதான் வழி.