வளையக் கிரகணத்தை ஃபில்டர் கழற்றாமல் படம் பிடித்த கதை

2010 ஜனவரி 15 அன்று வளைய சூரிய கிரகணம் குமரி மாவட்டத்தின் மேலேயே கடந்து போனது. அன்றைக்குத் தை அமாவாசை. கன்னியாகுமரி முக்கடல் கரையில் நீராட வந்த கூட்டமும் கிரகணம் பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்துவிடும் என்று தெரிந்ததால், நான் அகஸ்தீஸ்வரத்தில் அக்கா வீட்டு மொட்டைமாடியைத் தேர்ந்தெடுத்தேன். வளையம் தெரியும் நேரம் மதியம் ஒரு மணிக்குப் பிறகு. அப்போது சூரியன் ஏறக்குறைய 60 டிகிரி உயரத்தில் நிற்கும். அதற்குக் கடலோ அடிவானமோ தேவையில்லை. யாரும் தட்டிவிடாத இடத்தில் டிரைபாட் நின்றால் போதும்.

முழு கிரகணப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எண்ணம் இருக்கும்: சூரியன் மறைந்ததும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுக்கலாம் என்று. வளையக் கிரகணத்தில் அது நடக்கவே கூடாது. அன்று நிலா பூமியிலிருந்து தள்ளி இருந்ததால் சூரியனைவிடச் சிறியதாகத் தெரிந்தது. வட்டத்தின் பரப்பில் சுமார் 84 சதவீதத்தைத்தான் அதால் மறைக்க முடிந்தது. மிச்சமிருக்கும் 16 சதவீதம் அதே சூரிய முகம்தான், அதே கொதிப்புதான். வெயில் மங்கிவிட்டதே என்று வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை பொசுங்கும். விழித்திரையில் வலி தெரியாது என்பதால் அந்த நேரத்தில் எதுவும் புரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் தெரியவரும். அதனால் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஃபில்டர் லென்ஸில் இருக்க வேண்டும் என்பதையே அன்றைய ஒரே சட்டமாக வைத்துக்கொண்டேன்.

ஃபில்டரை நானே செய்தேன். சூரியனைப் பார்ப்பதற்கென்றே விற்கும், வெள்ளிப் பூச்சு போட்ட மெல்லிய ஃபிலிம் ஏ4 அளவில் கிடைக்கும். அதில் இரண்டு வகை உண்டு, வாங்கும்போது கவனம் வேண்டும். அடர்த்தி 5 என்று போட்டிருப்பது ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும். கண்ணுக்கும் கேமராவுக்கும் அதுதான். 3.8 என்று போட்டிருப்பது படம் எடுக்க மட்டும். அதன் வழியாகக் கண் வைக்கக் கூடாது. வியூஃபைண்டரில் எப்படியும் ஒரு முறையாவது கண் போகும் என்பதால் நான் 5-ஐத்தான் எடுத்தேன். அருவி நீரைப் பால் போல எடுக்கப் பயன்படும் கறுப்பு என்.டி. ஃபில்டர் இதற்கு உதவாது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை அது விட்டுவிடும். அகச்சிவப்பு அதைவிட அதிகமாகவே புகுந்துவிடும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி எல்லாவற்றையும் அப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

லென்ஸின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் அட்டை வளையம் இரண்டு வெட்டி, நடுவில் ஃபிலிமை வைத்து ஒட்டினேன். ஃபிலிமை இழுத்து விறைப்பாக்கக் கூடாது. லேசான சுருக்கம் இருந்தால் படம் கெடாது, இழுத்தால்தான் கெடும். அப்புறம் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து, ஊசிமுனை போல எங்காவது வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தேன். அப்படித் தெரிந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். நம்ம ஊர்க் காற்றைச் சொல்லத் தேவையில்லை. அட்டை வளையத்தை லென்ஸோடு சேர்த்து டேப்பால் இரண்டு சுற்று கட்டிய பிறகுதான் கேமராவை வெயிலுக்கே கொண்டுவந்தேன்.

அக்கா மகன் கிரகணக் கண்ணாடி வைத்திருந்தான்.

"மாமா, இதைப் போட்டுட்டு கேமராவுக்குள்ள பாத்தா போதாதா? எதுக்கு ஃபில்டர்?"

"பாக்கப்பிடாது மக்ளே. லென்ஸ் வெயிலை எல்லாம் ஒரு புள்ளியில கூட்டிக் கொண்டுவரும். அந்தச் சூட்டில கண்ணாடியே பொசுங்கிரும், அடுத்தது உன் கண்ணுதான்."

அவனுக்குச் சொன்னதுதான் எல்லோருக்கும். ஃபில்டர் லென்ஸுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. முன்னால் இருந்தால் குவியாத வெயில்தான் அதில் படும். பின்னால் வைத்தால் குவிந்த வெயில் ஃபில்டரை வெடிக்கச் செய்யலாம். ஃபில்டர் இல்லாத டெலிலென்ஸைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்தால் சென்சார், ஷட்டர் திரை, லென்ஸுக்குள் இருக்கும் இலைகள் எல்லாமே ஆபத்தில்தான். உள்ளே கண்ணாடியே இல்லாத இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் எப்போதும் திறந்தே கிடப்பதால் இன்னும் அதிக கவனம் தேவை.

அடர்த்தி 5 போட்டபின் வியூஃபைண்டரில் சூரியனைத் தவிர எல்லாம் கும்மிருட்டு. சூரியனைத் தேடி லென்ஸை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டாம். தரையில் விழும் லென்ஸ் நிழலைப் பாருங்கள். நிழல் எந்த இடத்தில் மிகச் சிறிதாகி ஏறக்குறைய வட்டமாகிறதோ, அந்த இடத்தில் லென்ஸ் சூரியனை நேராகப் பார்க்கிறது. 300 மி.மீ. லென்ஸில் சூரியன் சென்சாரில் மூன்று மி.மீட்டருக்கும் குறைவாகத்தான் விழும். அது இரண்டு நிமிடத்தில் தன் அகலத்தின் அளவுக்கு நகர்ந்தும் விடும், அதனால் அவ்வப்போது திருப்பிக்கொண்டே இருந்தேன். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு லைவ் வியூவில் பெரிதாக்கி, சூரிய விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்து, ஃபோகஸ் வளையத்தை டேப்பால் ஒட்டினேன்.

ஆட்டோவில் விட்டால் கேமரா கறுப்பு வானத்தைப் பார்த்துவிட்டு சூரியனை வெள்ளைத் தட்டாக்கிவிடும். மேனுவலில் ஐ.எஸ்.ஓ. 100, f/8, 1/400 நொடி என்று ஆரம்பித்தேன். பிறை மெலிந்தாலும் இதைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை, ஏனென்றால் சூரியனின் பரப்பு குறைகிறதே தவிர பிரகாசம் குறையவில்லை. ஆனால் வளையத்தில் தெரிவது விளிம்பு மட்டும். சூரியனின் விளிம்பு நடுவைவிட மங்கலானது. அதனால் வளையத்துக்கு 1/200 நொடி வைத்தேன். மெல்லிய மேகம் குறுக்கே வந்தால் இன்னும் ஒரு படி.

ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, சூரியனைச் சுற்றியுள்ள வானத்தைப் பார்த்தேன். மேகம் இல்லாதபோது அது கறுப்பாக இருக்க வேண்டும். சாம்பல் நிறம் படர்ந்தால் ஃபில்டரின் ஓரத்தில் ஒளி கசிகிறது என்று அர்த்தம். உடனே லென்ஸைத் திருப்பிவிட்டு டேப்பைச் சரிபார்க்க வேண்டும்.

வளையம் மூடும் கணத்தில் நிலாவின் மலைகளுக்கு நடுவே விளிம்பு துண்டுதுண்டாகத் தெரியும். அதற்காகத் தொடர் ஷட்டரில் விட்டேன். பிறகு வளையம் ஏறக்குறைய பத்து நிமிடம் நின்றது. அவசரமே இல்லை. மூன்று வேகங்களில் எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். மாடியில் மாமரத்தின் நிழல் விழும் இடத்தில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு வளையத்தைத் தரையில் போட்டிருந்தது. அக்கா கண்ணாடியே இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளையம் உடைந்து மறுபடி பிறையான பிறகும் கிரகணம் மூன்று மணி வரை நீண்டது. எல்லாம் முடிந்து, லென்ஸைத் தரைப் பக்கம் திருப்பிய பிறகே டேப்பைப் பிரித்தேன்.

அந்த ஃபிலிமைத் துடைக்கக் கூடாது. தூசி இருந்தால் ஊதும் பம்பால் ஊதி, காகித உறையில் வைத்தேன். ஒவ்வொரு கிரகணத்துக்கு முன்பும் டார்ச் சோதனை மறுபடி செய்ய வேண்டும், பழைய ஃபிலிம் என்றால் கட்டாயம். 2031 மே 21 அன்று அடுத்த வளையக் கிரகணம் தென்னிந்தியாவைக் கடக்கிறது; அதற்கு நான் புது ஃபிலிம்தான் வாங்குவேன்.